யானையைக் காணும் கேமரா: பிரிசிஷன், ரீகால், எம்ஏபி கணக்கும் எச்சரிக்கை வரம்பைத் தேர்ந்தெடுக்கும் முறையும்

எட்டிமடையிலிருந்து வாளையாறு வழியாகக் கஞ்சிக்கோடு வரை, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இணைக்கும் ரயில் பாதை மலையடிவாரத்தை ஒட்டியே செல்கிறது. இந்தப் பகுதியில் ரயில் மோதி யானைகள் இறந்திருக்கின்றன. அதே யானைகள் இரவில் இறங்கி வந்து தென்னந்தோப்புகளிலும் வாழைத் தோட்டங்களிலும் மேய்கின்றன. மதுக்கரை வனச்சரகத்தில் 2024-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனத்துறை, தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கேமரா வழியே கண்டறிந்து எச்சரிக்கும் அமைப்பைத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகு, இரு மாநிலப் பக்கத்திலும் உள்ள விவசாயிகள் சிலர் தங்கள் வேலியோரத்திலும் அப்படி ஒரு கேமராவை வைக்க முடியுமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேமராவை வாங்குவதும், ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு டிடெக்டர் மாடலை எடுத்து நம் ஊர்ப் படங்களில் பயிற்றுவிப்பதும் இன்று எளிதாகிவிட்டது. பயிற்றுவித்த மாடல் நல்லதா, எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மணி அடிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பதுதான் கடினம். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக, காட்டோரத் தோப்பு ஒன்றின் வேலியில் நிறுத்திய இரவுக் கேமராவையும், யானை, காட்டுப்பன்றி, மாடு, மனிதர் என நான்கு வகைகளை அடையாளம் காணும் ஒரு மாடலையும் வைத்துக்கொள்வோம். இதில் வரும் மதிப்பெண்களும் எண்ணிக்கைகளும் கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்தவை. கணக்கிடும் முறைகள் மட்டும் உலகெங்கும் கையாளப்படுபவை.

முதல் படி: எதைச் சரியான கண்டறிதல் என்று ஏற்பது

டிடெக்டர் ஒவ்வொரு படத்திலும் பல பெட்டிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பெயரையும் 0 முதல் 1 வரையிலான ஒரு கான்ஃபிடன்ஸ் மதிப்பெண்ணையும் தருகிறது. நம்மிடமோ, மனிதர் கையால் வரைந்து குறித்த பெட்டிகள் இருக்கின்றன. இரண்டு பெட்டிகளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை ஐஓயூ என்னும் அளவு சொல்கிறது. இரண்டும் பொதுவாக மூடும் பரப்பை, இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவதே ஐஓயூ.

200 பிக்சல் அகலமும் 150 பிக்சல் உயரமும் உள்ள ஒரு யானைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். டிடெக்டர் அதே அளவுள்ள பெட்டியை 40 பிக்சல் வலப்புறம் தள்ளி வரைந்திருந்தால், பொதுப்பரப்பு 160 × 150 = 24,000; மொத்தப் பரப்பு 36,000; ஐஓயூ 0.67. படத்தில் பொருள்களைக் கண்டறியும் பழைய பாஸ்கல் விஓசி போட்டியின் வழக்கப்படி 0.5 இருந்தாலே போதும் என்பதால் இது சரியான கண்டறிதலாகும். 0.75 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இதே பெட்டி பொய்க் கண்டறிதலாகிவிடும்.

பெட்டி சிறிதாக ஆக இந்த அளவு கடுமையாகிறது. 10 பிக்சல் விலகல் 200 பிக்சல் அகலப் பெட்டியில் ஐஓயூவை 0.90 அளவுக்கே குறைக்கிறது. அதே 10 பிக்சல், தொலைவில் நிற்கும் யானையின் 40 பிக்சல் அகலப் பெட்டியில் ஐஓயூவை 0.60-க்கு இறக்கிவிடுகிறது. ஆகவே, தொலைவில் வரும் யானையை முன்கூட்டியே காண்பதுதான் நமக்கு முக்கியம் என்றால், மிக இறுக்கமான ஐஓயூவைக் கேட்பது நம் தேவைக்கு எதிராகவே போகும். மணி அடிப்பதற்குப் பெட்டியின் ஓரம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. யானை அங்கே இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். பெட்டியின் அளவை வைத்துப் பழத்தின் எடையையோ மரத்தின் உயரத்தையோ மதிப்பிடுபவருக்கு மட்டுமே ஓரம் முக்கியமாகிறது.

பொருத்தும்போது ஒரு விதியைக் கவனமாகப் பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு படத்திலும் கணித்த பெட்டிகளை மதிப்பெண் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் அதே வகையைச் சேர்ந்த குறித்த பெட்டியோடு பொருத்த வேண்டும். ஒரு குறித்த பெட்டி ஒரு முறைதான் பொருந்தலாம். ஒரே யானையின் மேல் இரண்டு பெட்டிகள் விழுந்தால், மதிப்பெண் குறைந்தது பொய்க் கண்டறிதலாகவே எண்ணப்படும்.

இரண்டாம் படி: ஒரு சிறிய கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பது

சில படங்களில் மொத்தம் 8 யானைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்வோம். மாடல் யானை என்று 10 பெட்டிகளைத் தந்தது. எல்லாப் படங்களிலிருந்தும் வந்த அந்தப் பத்தையும் ஒன்றாகச் சேர்த்து மதிப்பெண் வரிசையில் அடுக்குகிறோம்.

| வரிசை | மதிப்பெண் | முடிவு | பிரிசிஷன் | ரீகால் |
|---|---|---|---|---|
| 1 | 0.96 | சரி | 1.000 | 0.125 |
| 2 | 0.93 | சரி | 1.000 | 0.250 |
| 3 | 0.90 | சரி | 1.000 | 0.375 |
| 4 | 0.84 | பொய்: எருமை | 0.750 | 0.375 |
| 5 | 0.78 | சரி | 0.800 | 0.500 |
| 6 | 0.71 | சரி | 0.833 | 0.625 |
| 7 | 0.62 | பொய்: இரட்டைப் பெட்டி | 0.714 | 0.625 |
| 8 | 0.55 | பொய்: ஐஓயூ 0.42 | 0.625 | 0.625 |
| 9 | 0.41 | சரி | 0.667 | 0.750 |
| 10 | 0.30 | பொய்: பாறை | 0.600 | 0.750 |

பிரிசிஷன் என்பது, இதுவரை யானை என்று சொன்னவற்றுள் எத்தனை பங்கு உண்மையில் யானை என்பதாகும். ரீகால் என்பது, இருக்கும் 8 யானைகளுள் இதுவரை எத்தனை பங்கைக் கண்டுபிடித்தோம் என்பதாகும். அட்டவணையில் கீழே இறங்க இறங்க ரீகால் ஏறும், அல்லது அப்படியே நிற்கும், ஒருபோதும் இறங்காது. பிரிசிஷனோ ஏறியும் இறங்கியும் செல்லும். 4-ஆம் வரிசையில் 0.750 ஆன பிரிசிஷன், அடுத்து இரண்டு சரியான பெட்டிகள் வந்ததால் 0.833 ஆனதைக் கவனியுங்கள்.

எட்டாவது வரிசையை நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. வாழை இலைகளுக்குப் பின்னால் நின்ற யானையின் தலையையும் துதிக்கையையும் மட்டும் மாடல் பெட்டிக்குள் அடைத்தது. குறித்தவரோ இலைக்குப் பின்னால் உள்ள உடலையும் ஊகித்து முழுப் பெட்டி வரைந்திருந்தார். ஐஓயூ 0.42 என்பதால் மாடலுக்கு ஒரு பொய்க் கண்டறிதலும், அந்த யானையைத் தவறவிட்டது என்ற பழியும் சேர்ந்தே விழுந்தன. தோட்டக்காரரைப் பொறுத்தவரை மாடல் யானையைச் சரியாகவே கண்டது. இத்தகைய வரிசைகளைத் திறந்து படத்தோடு வைத்துப் பார்க்காமல், எண்ணை மட்டும் பார்த்து மாடலைக் குறை சொல்லக் கூடாது. குறிப்பவர்கள் அனைவரும், மறைந்த உடலைச் சேர்த்து வரைவதா, தெரியும் பகுதியை மட்டும் வரைவதா என்று முதலிலேயே ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

மூன்றாம் படி: ஏபி கணக்கிடுவது

மேலுள்ள அட்டவணையின் ரீகாலை கிடையச்சிலும் பிரிசிஷனை நெட்டச்சிலும் வைத்து வரைந்தால் பல் பல்லாக ஒரு கோடு வரும். ஏபி என்பது அந்தக் கோட்டின் கீழுள்ள பரப்பு. கணக்கிடும் முன் பற்களைச் சமன் செய்ய வேண்டும்: ஒவ்வொரு ரீகால் புள்ளியிலும், அந்த ரீகாலிலோ அதற்கு மேலோ கிடைக்கும் மிக உயர்ந்த பிரிசிஷனை எடுத்துக்கொள்கிறோம்.

நம் கணக்கில் ரீகால் ஒவ்வொரு முறையும் 0.125 ஏறுகிறது. முதல் மூன்று ஏற்றங்களுக்குப் பிரிசிஷன் 1. நான்காவது ஏற்றத்தில் உண்மைப் பிரிசிஷன் 0.800 என்றாலும், அதற்குப் பின் 0.833 கிடைப்பதால் அதையே எடுக்கிறோம். ஐந்தாவதற்கும் 0.833. ஆறாவதற்கு 0.667. மீதி இரண்டு யானைகளை மாடல் எந்த மதிப்பெண்ணிலும் பிடிக்கவில்லை என்பதால் அங்கே 0. ஆகவே ஏபி = 0.125 × (1 + 1 + 1 + 0.833 + 0.833 + 0.667) = 0.667.

பாஸ்கல் விஓசி 2007-இல் ரீகாலின் 11 புள்ளிகளில் மட்டும் பிரிசிஷனை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். 2010 முதல் முழுப் பரப்பையும் கணக்கிட்டார்கள். கோகோ என்னும் படத்தொகுப்புக்கான மதிப்பீடு 101 புள்ளிகளை எடுக்கிறது. இதே பத்துப் பெட்டிகளுக்கு அந்த மூன்று முறைகளும் முறையே 0.652, 0.667, 0.668 தருகின்றன. இரண்டு மாடல்களின் ஏபியை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவையா என்று பார்த்துவிட வேண்டும்.

ஐஓயூ தேவையை 0.5-இலிருந்து 0.4-ஆகக் குறைத்தால் எட்டாவது வரிசை சரியாக மாறி, ஏபி 0.667-இலிருந்து 0.778-ஆக ஏறிவிடுகிறது. மாடல் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கோகோ முறையில் தலைமை எண்ணாகச் சொல்லப்படும் ஏபி, ஐஓயூ 0.50 முதல் 0.95 வரை 0.05 இடைவெளியில் பத்து முறை கணக்கிட்டு எடுத்த சராசரி. அதில் 0.40 என்பது மோசமான மாடல் என்று பொருளாகாது. இறுக்கமான ஐஓயூ தேவைகளும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கின்றன. நம்மைப் போல் எச்சரிக்கைக்காகப் பயன்படுத்துபவர்கள் 0.5-இல் கணக்கிட்ட ஏபியையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையால் புரிந்துகொண்ட பிறகு கணினியிடம் விடலாம். யானைக்கு மட்டும் தனியாகக் கணக்கிடும் வழி இது:

```python
from pycocotools.coco import COCO
from pycocotools.cocoeval import COCOeval

gt = COCO("val.json")
dt = gt.loadRes("pred.json")
ev = COCOeval(gt, dt, "bbox")
ev.params.catIds = [1]
ev.evaluate()
ev.accumulate()
p = ev.eval["precision"][0, :, 0, 0, -1]
s = ev.eval["scores"][0, :, 0, 0, -1]
print(p.mean(), p[75], s[75])
```

இதில் `val.json` மனிதர் குறித்த பெட்டிகளின் கோப்பு, `pred.json` மாடல் தந்த பெட்டிகளின் கோப்பு. `catIds` உங்கள் கோப்பில் யானைக்குக் கொடுத்த எண். முதல் `0` ஐஓயூ 0.5-ஐக் குறிக்கிறது. `p[75]` என்பது ரீகால் 0.75-இல் உள்ள பிரிசிஷன். `s[75]` அந்த ரீகாலை எட்டிய மதிப்பெண். `p`-இல் இருப்பது சமன் செய்த பிரிசிஷன் என்பதை மறக்கக் கூடாது. அந்த மதிப்பெண்ணை வரம்பாக வைத்தால் கிடைக்கும் உண்மையான பிரிசிஷன் அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

`pred.json` கோப்பை உருவாக்கும்போது வரம்பை 0.001 போல மிகத் தாழ்வாக வைக்க வேண்டும். பலர் களத்தில் வைக்கும் 0.25 அல்லது 0.5 வரம்போடு பெட்டிகளை எடுத்து அப்படியே ஏபி கணக்கிடுகிறார்கள். நம் அட்டவணையில் 0.5-க்குக் கீழ் உள்ளவற்றை முன்பே வெட்டிவிட்டால் ஒன்பதாவது வரிசையின் யானை மறைந்து ஏபி 0.583 ஆகிவிடும். ஏபி எல்லா வரம்புகளையும் சேர்த்துப் பார்க்கும் அளவு. அதற்குள் ஒரு வரம்பைத் திணித்தால் கோட்டின் வால் அறுந்துபோகும்.

நான்காம் படி: சராசரிக்குள் யானை மறைவதைக் காண்பது

எம்ஏபி என்பது எல்லா வகைகளின் ஏபியையும் கூட்டி வகைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. இரண்டு மாடல்களை வைத்துப் பார்ப்போம். முதல் மாடலில் யானை 0.67, மாடு 0.91, மனிதர் 0.88, பன்றி 0.42, எம்ஏபி 0.72. இரண்டாம் மாடலில் யானை 0.79, மாடு 0.80, மனிதர் 0.78, பன்றி 0.43, எம்ஏபி 0.70. பயிற்சி முடிந்ததும் திரையில் தெரியும் ஒற்றை எண்ணைப் பார்ப்பவர் முதல் மாடலைத் தேர்ந்தெடுப்பார். வேலியோரத்துக்கு வேண்டியது இரண்டாவது மாடல். மாட்டை இன்னும் நன்றாகக் கண்டறிவதால் ஒரு தென்னை மரம்கூடப் பிழைக்கப் போவதில்லை.

ஆனால் மாடு என்ற வகையை நீக்கிவிடுவதும் தவறு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இரவில் கட்டவிழ்ந்து திரியும் மாடும் எருமையும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் சாம்பல் நிறத் திரளாகத் தெரியும்போது, யானையோடு குழம்பக்கூடிய பொருள் அதுவே. அந்த வகையைக் கற்பித்தால்தான் மாடல் இரண்டையும் பிரித்தறியும். மதிப்பிடும்போது மட்டும் வகைவாரியான ஏபியையே பாருங்கள்; முடிந்தால் யானைக்குள்ளேயே பகல், இரவு, அருகு, தொலைவு எனப் பிரித்தும் பாருங்கள். கோகோ கருவி பரப்பை வைத்து 32 × 32 பிக்சலுக்குக் கீழ், 96 × 96 வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. தொலைவைப் பிரிக்க அதுவே போதும்.

ஐந்தாம் படி: யானை வராத இரவுகளைச் சோதனையில் சேர்ப்பது

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீணாகும். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் சேகரிக்கும் சோதனைப் படங்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு விலங்கு இருக்கும், ஏனெனில் விலங்கு இல்லாத படத்தைக் குறிக்க யாரும் உட்காருவதில்லை. களத்திலோ நிலைமை தலைகீழ். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை வினாடிக்கு ஒரு ஃபிரேம் எடுக்கும் கேமரா ஓர் இரவில் 43,200 ஃபிரேம்களைப் பார்க்கிறது. அவற்றுள் யானை இருப்பவை, வந்த இரவிலேயே, சில நூறு ஃபிரேம்கள்தான். வெற்று ஃபிரேம்களில் ஆயிரத்துக்கு ஒன்றில் மாடல் ஏமாந்தாலும் ஓர் இரவுக்கு 43 பொய்க் கண்டறிதல்கள்.

500 வெற்றுப் படங்களைச் சோதித்து ஒன்றில்கூட மாடல் ஏமாறவில்லை என்றால் நிம்மதி அடையலாமா? புள்ளியியலில் ஒரு எளிய விதி உண்டு: ஒன்றையொன்று சாராத n சோதனைகளில் ஒரு பிழையும் வரவில்லை என்றால், உண்மையான பிழை விகிதம் 3/n வரை இருக்கலாம் என்பதை 95 சதவீத நம்பிக்கையோடு மறுக்க முடியாது. 500-க்கு அது 0.6 சதவீதம், இரவுக்கு 259 பொய்க் கண்டறிதல்கள் வரை. ஆகவே வெற்று இரவுகளின் முழுப் பதிவையே சோதனையில் ஓட விட வேண்டும். அவற்றில் பெட்டி வரைய வேண்டிய வேலை இல்லை. யானை வரவில்லை என்பதை உறுதிசெய்தால் போதும் என்பதால் இது மலிவான வேலையே.

எந்த இரவுகள் என்பதும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் தென்னை ஓலையும் புதரும் இடைவிடாமல் ஆடும். மார்கழியில் பனி லென்ஸின் முன் திரையிடும். மழைக்காலத்தில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்க்கும். சிலந்தி லென்ஸின் மேலேயே வலை கட்டும். கோடையில் மட்டும் எடுத்த பதிவில் தேர்ந்தெடுத்த வரம்பு ஆடி மாதத்தில் நிற்காது.

இன்னொரு பொறி, படங்களைப் பிரிக்கும் முறையில் இருக்கிறது. ஒரே கேமராவின் அடுத்தடுத்த ஃபிரேம்களைக் குலுக்கி, சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைச் சோதனைக்கும் ஒதுக்கினால், மாடல் அதே யானையை அதே மரத்தடியில் ஏற்கெனவே பார்த்திருக்கும். எம்ஏபி மிக அழகாக வரும். புதிய தோப்பில் வைத்த அன்றே சரியும். பயிற்சி, சரிபார்ப்பு, சோதனை ஆகிய மூன்று தொகுப்புகளையும் கேமரா நிற்கும் இடத்தை வைத்தும் நாளை வைத்தும் பிரிக்க வேண்டும். பழைய கேமராக்களில் ஏபி உயர்ந்தும், மாடல் இதுவரை காணாத கேமராவில் தாழ்ந்தும் இருந்தால், மாடல் யானையோடு சேர்த்துப் பின்னணியையும் மனப்பாடம் செய்திருக்கிறது என்று அறியலாம்.

ஆறாம் படி: வரம்பைத் தேர்ந்தெடுப்பது

இதுவரை பெட்டிகளை எண்ணினோம். தோட்டத்தில் இருப்பவர் பெட்டிகளை எண்ணுவதில்லை; எத்தனை முறை போன் அடித்தது, எத்தனை முறை யானை உண்மையில் வந்தது என்பதையே எண்ணுகிறார். ஆகவே வரம்பைத் தேர்ந்தெடுக்கும் முன், ஃபிரேம்களை வருகைகளாக மாற்ற வேண்டும். யானை கேமராவின் பார்வைக்குள் நுழைந்ததிலிருந்து, கடைசியாகத் தெரிந்து பத்து நிமிடம் ஆகும் வரை ஒரே வருகை என்று கொள்வோம். யானை தெரியத் தொடங்கிய 15 வினாடிகளுக்குள் மணி அடித்தால் அந்த வருகையைப் பிடித்ததாக எண்ணுவோம். பத்து நிமிடத்துக்குள் வரும் பொய் எச்சரிக்கைகளையும் ஒன்றாகவே எண்ணுவோம்.

ஒரே ஃபிரேமை நம்பி மணி அடிக்காமல், அடுத்தடுத்த ஐந்து ஃபிரேம்களில் குறைந்தது மூன்று ஃபிரேம்கள் வரம்பைத் தாண்டினால்தான் அடிக்க வேண்டும் என்று வைப்பது நல்ல பழக்கம். பறந்து போகும் பூச்சியும் ஒரு கணம் விழும் நிழலும் இதில் கழிந்துவிடும். ஆனால் பாறையும் சிலந்திவலையும் எல்லா ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருப்பதால் அவற்றை இந்த விதி தடுக்காது. ஃபிரேம் அளவிலான பிழை விகிதத்தைத் தாளில் பெருக்கிப் பார்த்து வருகை அளவிலான விகிதத்தை ஊகிப்பது அதனால்தான் தவறாகிறது; பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பதிவை ஓட விட்டு நேரடியாக எண்ணுவதே வழி.

நான்கு கேமராக்களின் 30 இரவுப் பதிவு சரிபார்ப்புத் தொகுப்பாக இருக்கிறது, அதில் 60 யானை வருகைகள் என்று கொள்வோம். வரம்பை மாற்றி மாற்றி எண்ணியதில் இப்படி வந்தது:

| வரம்பு | பிடித்த வருகை | 30 இரவுகளில் பொய் எச்சரிக்கை | இரவுக்கு | எஃப்1 |
|---|---|---|---|---|
| 0.20 | 58 | 270 | 9.0 | 0.30 |
| 0.35 | 57 | 75 | 2.5 | 0.59 |
| 0.50 | 54 | 24 | 0.8 | 0.78 |
| 0.70 | 45 | 3 | 0.1 | 0.83 |

எஃப்1 என்பது பிரிசிஷனையும் ரீகாலையும் சம எடையில் சேர்க்கும் இசைச் சராசரி. பல மென்பொருள்கள் எஃப்1 உச்சத்தில் இருக்கும் வரம்பையே பரிந்துரைக்கும் வகையில் வரைபடம் தருகின்றன. இங்கே அந்த உச்சம் 0.70. அதை ஏற்றுக்கொண்டால் 60 வருகைகளில் 15-ஐத் தவறவிடுவோம். ஒரு யானையைத் தவறவிடுவதும் ஒரு பொய் மணியும் சமமான இழப்பு என்று அந்தச் சூத்திரம் கருதுகிறது. வேலியோரத்தில் அது உண்மையல்ல. மறுபக்கம், ரீகால் மட்டுமே போதும் என்று 0.20-க்குப் போனால் இரவுக்கு 9 முறை போன் அடிக்கும். வாளையாறு அருகே இரவுக் காவல் இருக்கும் ஒரு பெரியவரிடம் இரவுக்கு எத்தனை பொய் மணியைப் பொறுத்துக்கொள்வார் என்று கேட்டபோது, "மூணு தடவை எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பேனுங்க தம்பி. நாலாவது வாட்டி அடிச்சா போனைத் தலகாணிக்கு அடியில வெச்சுருவேன்" என்றார். வரம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண் அந்த பதிலில்தான் இருக்கிறது. நான்காவது மணியிலிருந்து அமைப்பின் உண்மையான ரீகால் பூஜ்யம், மாடல் எவ்வளவு நன்றாகக் கண்டாலும்.

ஆகவே தேர்வு முறை இப்படி அமைகிறது. மணியைக் கேட்கப் போகிறவர் பொறுத்துக்கொள்ளும் பொய் எச்சரிக்கையின் உச்ச அளவை முதலில் அவரிடமே கேட்டு நிர்ணயிக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டாத வரம்புகளுள் மிகத் தாழ்ந்ததை எடுக்க வேண்டும். அந்த வரம்பில் ரீகால் போதுமா என்று பிறகு பார்க்க வேண்டும். நம் அட்டவணையில் இரவுக்கு 3 என்ற எல்லைக்குள் மிகத் தாழ்ந்தது 0.35, அங்கே 60-இல் 57 பிடிபடுகின்றன. போதாது என்றால் வரம்பை இறக்குவது தீர்வல்ல. தவறவிட்ட மூன்று வருகைகளின் படங்களையும், பொய் மணி அடித்த 75 படங்களையும் எடுத்து மாடலை மீண்டும் பயிற்றுவிப்பதே தீர்வு. 75-இல் 40 ஒரே பாறையிலிருந்து வந்திருந்தால், அந்தப் பாறை இருக்கும் மூலையைக் கணக்கிலிருந்து மறைத்துவிட்டால்கூடப் போதும். அதன் பின் அதே எல்லைக்குள் வரம்பை மேலும் தாழ்த்த இடம் கிடைக்கும்.

57/60 என்பதை 95 சதவீதம் என்று உறுதியாகச் சொல்லிவிடவும் கூடாது. 60 வருகைகளை மட்டும் வைத்து மதிப்பிட்டால் உண்மையான விகிதம் ஏறக்குறைய 86 முதல் 98 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். ஒரே கூட்டம் ஒரே இரவில் இரண்டு கேமராக்களைக் கடந்திருந்தால் அந்த வருகைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இடைவெளி இன்னும் விரியும். 0.35-க்கும் 0.37-க்கும் இடையே எது சிறந்தது என்று வாதிடுவதற்கு இவ்வளவு சிறிய பதிவில் அடிப்படை இல்லை.

பன்றிக்கு வேறு வரம்பு வைக்க வேண்டும். கான்ஃபிடன்ஸ் மதிப்பெண் என்பது நிகழ்தகவு அல்ல, யானைக்கு 0.35 என்று மாடல் சொல்வதும் பன்றிக்கு 0.35 என்று சொல்வதும் ஒரே அளவு உறுதியைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு வகைக்கும் மேற்சொன்ன கணக்கைத் தனித்தனியே போட்டுத் தனி வரம்பை வைப்பதே முறை. பன்றிக்கு யாரும் நள்ளிரவில் எழுந்து போகப் போவதில்லை என்றால் மணி வேண்டாம். காலையில் பார்க்கும் பதிவில் சேர்த்தால் போதும், அதற்கு வரம்பும் தாழ்வாகவே இருக்கலாம்.

ஏழாம் படி: தேர்ந்த வரம்பைச் சோதித்து, காத்துவருவது

வரம்பைச் சரிபார்ப்புத் தொகுப்பில் தேர்ந்தெடுத்தோம். ஆகவே அதே தொகுப்பில் வந்த ரீகாலை வெளியே சொல்லக் கூடாது. பல வரம்புகளுள் நன்றாக வந்ததை நாமே பொறுக்கி எடுத்ததால் அந்த எண் சற்று அழகாகவே தெரியும். இதுவரை தொடாமல் வைத்திருந்த வேறு கேமராவின் சோதனைத் தொகுப்பில் 0.35-ஐ ஒரே ஒரு முறை ஓட விட்டு, அங்கே கிடைத்ததையே தோட்டக்காரரிடம் சொல்ல வேண்டும். அந்த முடிவைப் பார்த்துவிட்டு வரம்பைத் திருத்தினால் அந்தத் தொகுப்பும் சரிபார்ப்புத் தொகுப்பாகிவிடும்; புதிய சோதனைக்குப் புதிய இரவுகள் வேண்டும்.

மாடலை மீண்டும் பயிற்றுவித்தாலோ, சிறிய கருவியில் ஓடுவதற்காக 8 பிட் எண்களுக்குச் சுருக்கினாலோ, படத்தின் உள்ளீட்டு அளவை மாற்றினாலோ மதிப்பெண்களின் பரவல் நகர்ந்துவிடும். ஏபி அப்படியே இருந்தாலும் 0.35 என்ற எண் பழைய பொருளை இழந்திருக்கலாம், ஏனெனில் ஏபி வரிசையை மட்டுமே பார்க்கிறது. எல்லா மதிப்பெண்களும் ஒரே விகிதத்தில் பாதியாகக் குறைந்தாலும் ஏபி மாறாது. அந்த ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஆறாம் படியை மறுபடியும் செய்ய வேண்டும்.

களத்தில் இருக்கும்போது பொய் எச்சரிக்கையை எண்ணுவது எளிது. ஒவ்வொரு மணிக்கும் காவலர் ஆம், இல்லை என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தவறவிட்டதை எண்ணுவதே கடினம், அடிக்காத மணியை யாரும் குறித்து வைப்பதில்லை. அதற்காக, மணிக்கான வரம்பு 0.35 என்றாலும் 0.10-க்கு மேல் வரும் ஃபிரேம்களைக் கருவியில் தனியே சேமித்து வைத்து வாரத்துக்கு ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். அதோடு காலையில் தோப்பைச் சுற்றி வரும்போது காலடித் தடம், முறிந்த குருத்து, சாணம் இருந்த இடத்தையும் நாளையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். தடம் இருந்து, 0.10-க்கு மேல்கூட ஒரு ஃபிரேமும் இல்லை என்றால் கேமராவின் பார்வைக் கோணத்தையோ விளக்கையோ மாற்ற வேண்டும். தடம் இருந்து, 0.10-க்கும் 0.35-க்கும் இடையே ஃபிரேம்கள் இருந்தால் மாடலுக்குப் பயிற்சி போதவில்லை; அந்தப் படங்களே அடுத்த பயிற்சிக்குச் சேர்க்க வேண்டிய படங்கள்.